ஏடு ஏடாகப் பிரியும் நகங்கள்: குறை உணவிலா, தண்ணீரிலா?

எங்கள் தோல் மருத்துவப் பிரிவுக்கு வேறு ஏதோ ஒரு காரணத்துக்காக வருபவர்களில் பலர், ஆலோசனை முடிந்து எழுந்து செல்லும் நேரத்தில் கைவிரல்களை நீட்டிக் காட்டுவது உண்டு. "இதையும் ஒரு தடவை பார்த்துடுங்க, டாக்டர்" என்பார்கள். நகத்தின் நுனி, பழைய ஓலைச்சுவடியின் விளிம்பைப் போல மெல்லிய ஏடுகளாகப் பிரிந்திருக்கும். சேலை நூலில் மாட்டிக்கொள்ளும். தலை வாரும்போது முடியைப் பிடித்து இழுக்கும். உயிருக்கு ஆபத்தில்லாத குறைதான். ஆனால், இதற்காக வீட்டில் செய்துகொள்ளும் சில வைத்தியங்கள் உண்மையான ஆபத்தில் கொண்டுபோய் விடுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். எனவே, இந்த இதழில் நகம் பிரிவதற்கான காரணத்தையும் அதற்கு உதவும் பராமரிப்பையும் ஒருவருடைய அனுபவத்தை முன்வைத்து விளக்க விரும்புகிறோம். அவரை அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்திருக்கிறோம்.

அவருக்கு வயது 44. கணவருடன் சேர்ந்து சிறிய இட்லிக் கடை ஒன்றை நடத்துகிறார். இரண்டு ஆண்டுகளாக இரு கைகளிலும் நகங்கள் பிரிந்துகொண்டிருந்தன. வலது கையின் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றில் நிலைமை மோசமாக இருந்தது. அவர் கொண்டுவந்த பையில் மூன்று பொருள்கள் இருந்தன. நான்கு மாதமாகச் சாப்பிட்டு வந்த கால்சியம் மாத்திரை அட்டை ஒன்று. முடிக்கும் நகத்துக்கும் நல்லது என்று உறவினர் வாங்கித் தந்த பயோட்டின் மாத்திரை டப்பா ஒன்று. தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்வதாகக் காட்டிய இரத்தப் பரிசோதனை முடிவு ஒன்று. "சுண்ணாம்புச் சத்து குறைஞ்சுபோச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. இப்ப தைராய்டும் இருக்குன்னு வந்திருக்கு" என்றார். அந்த மூன்று பொருள்களில் எதுவும் அவருடைய நகத்தின் குறையை விளக்கவில்லை. விளக்கம் அவருடைய கடையின் தண்ணீர்த் தொட்டியில் இருந்தது.

நகம் எதனால் ஆனது?

நாம் காணும் நகம் உயிரற்றது. நகத்தின் அடியில், தோல் மடிப்புக்குள் மறைந்திருக்கும் பகுதியே அதன் பிறப்பிடம். சில விரல்களில், குறிப்பாகக் கட்டைவிரலில், வெண்பிறை போலத் தெரிவது அதன் முன் ஓரம். அங்கே உருவாகும் உயிரணுக்கள் தட்டையாகி, உயிரிழந்து, கடினமாகி, ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து முன்னோக்கி நகர்கின்றன. அந்த அடுக்குகளின் தொகுப்பையே நகத்தகடு என்கிறோம். கைவிரல் நகத்தகட்டின் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அந்தச் சிறிய தடிமனுக்குள் எண்ணற்ற மெல்லிய அடுக்குகள் ஒட்டவைக்கப்பட்டிருக்கின்றன.

இந்தத் தகட்டின் மூலப்பொருள் கெரட்டின் என்னும் புரதம். முடியும் இதே வகைப் புரதத்தால் ஆனதுதான். கெரட்டின் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் குறுக்கே கட்டி இறுக்குகின்றன. நகத்தின் உறுதிக்குக் காரணம் அந்தப் பிணைப்புகளே. அடுக்குகளுக்கு இடையில் ஒட்டுப்பொருளும் சிறிதளவு கொழுப்பும் உண்டு. இதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் நாங்கள் சொல்லப்போகும் அனைத்தும் எளிதில் விளங்கும்.

கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்கிறது. பிறப்பிடத்திலிருந்து நுனியை அடைய ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும். கால் நகத்துக்கு ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். அதாவது, இன்று உங்கள் விரல்நுனியில் இருக்கும் நகம் ஐந்தாறு மாதங்களுக்கு முன்பு பிறந்தது. அதுமுதல் நீங்கள் கழுவிய ஒவ்வொரு பாத்திரத்தையும் அது பார்த்திருக்கிறது. உயிரற்ற பொருளாதலால், காயம் ஆறுவதுபோல அது தன்னைத்தானே சரிசெய்துகொள்ளாது.

தண்ணீர் என்ன செய்கிறது?

குளித்து முடித்தவுடன் நகம் வெட்டினால் எளிதாக வெட்டுப்படும் என்பது அனைவரும் அறிந்ததே. நகம் பார்ப்பதற்குக் கண்ணாடிபோல இருந்தாலும், தோலைவிடப் பல மடங்கு எளிதாகத் தண்ணீரை உள்ளே விடும். உள்ளே சென்ற நீரால் அடுக்குகள் உப்புகின்றன, நகம் மென்மையாகிறது. கையைத் துடைத்துவிட்டு அடுப்பருகே நின்றால், உள்ளே சென்ற நீர் வெளியேறி அடுக்குகள் சுருங்குகின்றன. உப்புவதும் சுருங்குவதும் நாள்தோறும் பல முறை நடக்கும்போது, அடுக்குகளை ஒட்டியிருக்கும் பொருள் தளர்ந்து விடுகிறது.

மழையிலும் வெயிலிலும் மாறி மாறிக் கிடந்த பிளைவுட் பலகையைப் பார்த்திருப்பீர்கள். மரம் உளுத்துப்போவதற்கு முன்பே அதன் ஓரம் தாள் தாளாக விரிந்துவிடும். நகத்துக்கு நேர்வதும் அதுவே. வெட்டியெடுத்த நகத் துண்டுகளை 21 நாட்கள் தொடர்ந்து நனைப்பதும் உலர்த்துவதுமாக ஆய்வகத்தில் சோதித்தபோது, அவை இதேபோல ஏடு ஏடாகப் பிரிந்தன. உடலில் எந்தச் சத்துக் குறையும் இன்றி, நனைவதும் காய்வதும் மட்டுமே நகத்தைப் பிரிக்கப் போதும் என்பதை இது காட்டுகிறது.

பிரிவு ஏன் நுனியில் தொடங்குகிறது என்று கேட்கலாம். நகத்தின் மற்ற பகுதி விரலின் சதையோடு ஒட்டியிருக்கிறது. நீர் அதன் மேற்புறமாக மட்டுமே நுழைய முடியும். நுனியிலோ மேலே, கீழே, ஓரத்தில் என மூன்று பக்கமும் நீர் நுழைகிறது. நகத்திலேயே மிகப் பழைய பகுதியும் அதுதான். இவற்றோடு பாத்திரம் தேய்க்கும் சோப்பும் சோப்புத்தூளும் அடுக்குகளுக்கு இடையில் உள்ள சிறிதளவு கொழுப்பையும் கரைத்துவிட்டால், நீர் நுழைவதும் வெளியேறுவதும் இன்னும் விரைவாகிவிடும்.

ஆகவே, கை எவ்வளவு நேரம் தண்ணீரில் இருந்தது என்பதோடு, எத்தனை முறை நனைந்து காய்ந்தது என்பதையும் நாம் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்வியைப் பலரும் கேட்பதில்லை.

கால் நகம் சொல்லும் சாட்சி

நகம் பிரிபவர்கள் எங்களிடம் கையை நீட்டும்போது, நாங்கள் செருப்பைக் கழற்றச் சொல்கிறோம். பலருக்கு இது வியப்பாக இருக்கும். காரணம் எளிது. இரும்போ புரதமோ உடலில் குறைந்தால், அந்தக் குறை இரத்தத்தின் வழியாக இருபது விரல்களுக்கும் போய்ச் சேரும். கை நகங்கள் மட்டும் பிரிந்து, கால் நகங்கள் நன்றாக இருந்தால், காரணம் வெளியே இருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். வலது கையால் வேலை செய்பவருக்கு வலது கையின் முதல் மூன்று விரல்களில் மட்டும் மிகுதியாகப் பிரிந்திருப்பது மேலும் ஒரு சாட்சி.

இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. நாற்று நடுபவர்கள், மீன் கழுவும் இடங்களில் நிற்பவர்கள் போன்றோருக்குக் காலும் நனைகிறது. அவர்களிடம் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியாமல் போகலாம்.

இட்லிக் கடை அம்மையாருக்குக் கால் நகங்கள் பத்தும் வழவழப்பாக, முழுமையாக இருந்தன. கண்ணின் கீழ் இமைக்குள் வெளிறல் இல்லை. ஹீமோகுளோபின் 12.6 இருந்தது, இரும்புச் சேமிப்பின் அளவும் சரியாகவே இருந்தது. அவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, ஒரு நாள் முழுவதும் கை நனைந்து காயும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடச் சொன்னோம். மறுவாரம் அவர் கொண்டுவந்த தாளில் 41 கோடுகள் இருந்தன. பாத்திரம் கழுவியது 14 முறை. வாடிக்கையாளர் எழுந்த பிறகு துணியை அலசி மேசை துடைத்தது 11 முறை. அரிசி களைந்தது, மாவு கரைத்தது, காய் கழுவியது எல்லாம் சேர்த்து 9 முறை. குளியல், துணி துவைத்தல், சாப்பாட்டுக்கு முன்னும் கழிப்பறைக்குப் பின்னும் கை கழுவியது 7 முறை. "இத்தனை தடவையா!" என்று அவரே வியந்தார்.

சுண்ணாம்புச் சத்தும் வெள்ளைப் புள்ளியும்

எலும்பு கடினமாக இருப்பது கால்சியத்தால். நகமும் கடினமாக இருக்கிறது. ஆகவே அதற்கும் கால்சியம்தான் காரணம் என்று மக்கள் எண்ணுவது இயல்பே. ஆனால், நகத்தின் எடையில் கால்சியத்தின் பங்கு மிக மிகச் சிறியது. நகத்தை உறுதியாக்குவது முன்பு சொன்ன கந்தகப் பிணைப்புகள். எனவே, கால்சியம் மாத்திரை எலும்புக்காக மருத்துவர் பரிந்துரைத்திருந்தால் தொடர வேண்டியதே. நகம் பிரிவதை நிறுத்துவதற்காக அதைச் சாப்பிட்டால் பயன் கிடைக்காது. தேவையின்றி நெடுநாள் சாப்பிட்டால் சிலருக்கு மலச்சிக்கலும் சிறுநீரகக் கல்லும் உண்டாகலாம்.

நகத்தில் தோன்றும் சிறு வெள்ளைப் புள்ளிகளும் கால்சியக் குறைவின் அடையாளம் என்று கருதப்படுகின்றன. அவை பெரும்பாலும் நகத்தின் பிறப்பிடத்தில் என்றோ பட்ட சிறு இடியின் தழும்புகள். கதவில் விரல் இடித்ததை மறந்து சில வாரங்கள் கழிந்தபின் புள்ளி வெளியே தெரிவதால், இரண்டையும் யாரும் தொடர்புபடுத்துவதில்லை. அந்தப் புள்ளி நகத்தோடு நகர்ந்து, நுனிக்கு வந்து, வெட்டுப்பட்டுப் போய்விடும்.

ஜெலட்டின் பொடியைப் பற்றியும் கேட்கிறார்கள். அதுவும் புரதம்தான். ஆனால், நகத்துக்கு வேண்டிய கந்தகம் மிகுந்த பகுதி அதில் மிகக் குறைவு. வீட்டில் நாள்தோறும் உண்ணும் பருப்பு, முட்டை, மீன், பால் ஆகியவை அதைவிட நல்ல புரதத்தைத் தருகின்றன. போதிய அளவு சாப்பிடுபவர், அதற்கு மேலும் புரதம் சாப்பிட்டு நகத்தைக் கெட்டிப்படுத்த முடியாது.

பயோட்டின் மாத்திரையும் தவறான தைராய்டு முடிவும்

பயோட்டின் என்பது பி வகை வைட்டமின்களில் ஒன்று. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஏறத்தாழ 30 மைக்ரோகிராம். வழக்கமான உணவிலேயே அது கிடைத்துவிடுவதால், இதன் குறைபாட்டை நாங்கள் மிக அரிதாகவே காண்கிறோம். நொறுங்கும் நகத்துக்கு நாள் ஒன்றுக்கு 2.5 மில்லிகிராம் பயோட்டின் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வுகள் சில உண்டு. பலருக்கு நகம் மேம்பட்டதாக அவை கூறின. ஆனால், மாத்திரை சாப்பிடாத ஒரு குழுவோடு முறையாக ஒப்பிடாததால், அந்த மேம்பாடு மாத்திரையால் வந்ததா, கவனிப்பால் வந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

அம்மையாரின் டப்பாவில் இருந்த மாத்திரை ஒவ்வொன்றும் 10 மில்லிகிராம். அதாவது, அன்றாடத் தேவையைப் போல 300 மடங்குக்கும் மேல். நீரில் கரையும் வைட்டமின்தானே, மிகுதி சிறுநீரில் போய்விடும் என்பது உண்மை. ஆனால், போவதற்கு முன் அது இரத்தத்தில் இருக்கிறது. அப்போது எடுக்கும் சில பரிசோதனைகளைக் குழப்பிவிடுகிறது. பல ஆய்வகக் கருவிகள், இரத்தத்திலுள்ள பொருளைப் பிடித்து அளக்கப் பயோட்டினையே ஒரு கொக்கிபோலப் பயன்படுத்துகின்றன. நோயாளியின் இரத்தத்திலும் பயோட்டின் நிறைந்திருந்தால், கொக்கி மாட்ட வேண்டிய இடத்தை அது அடைத்துக்கொள்கிறது. விளைவாக, டி.எஸ்.எச். அளவு உண்மையைவிடக் குறைவாகவும், தைராக்சின் அளவு உண்மையைவிட மிகுதியாகவும் வரக்கூடும். தைராய்டு மிகுதியாகச் சுரக்கும் நோய் காட்டும் அதே தோற்றம்!

இவருக்கு உடல் இளைப்போ, நெஞ்சுப் படபடப்போ, கை நடுக்கமோ இல்லை. தாளில் இருந்த நோய் உடலில் இல்லாததால் எங்களுக்கு ஐயம் எழுந்தது. பயோட்டினை ஒரு வாரம் நிறுத்திவிட்டு மீண்டும் பரிசோதித்தபோது, இரண்டு அளவுகளும் சரியாக இருந்தன. அதைச் செய்யாமல் இருந்திருந்தால், இல்லாத நோய்க்கு மருந்து தொடங்கப்பட்டிருக்கும்.

இதைவிடக் கவலைக்குரியது மாரடைப்பைக் கண்டறிய உதவும் ட்ரோபோனின் பரிசோதனை. சில கருவிகளில் பயோட்டின் அந்த அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். வந்திருக்கும் மாரடைப்பு இல்லை என்று தோன்றிவிடலாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-ஆம் ஆண்டில் இதைக் குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. ஆகவே, முடிக்கோ நகத்துக்கோ என்று வாங்கும் மாத்திரையின் அட்டையில் பயோட்டின் இருக்கிறதா என்று பாருங்கள். இரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடமும் ஆய்வகத்திலும் சொல்லுங்கள். முன்கூட்டித் திட்டமிட்ட பரிசோதனையாக இருந்தால், எத்தனை நாளுக்கு முன் நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். பொதுவாக, குறைந்தது இரண்டு நாளாவது நிறுத்தச் சொல்வோம். நெஞ்சு வலி போன்ற அவசரத்தில் வந்தால், உடன் வருபவர் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்ல மறக்கக்கூடாது.

உண்மையான குறைபாடு எப்போது?

சத்துக்கும் நகத்துக்கும் தொடர்பே இல்லை என்று நாங்கள் கூறவில்லை. இரும்புச் சத்துக் குறைவால் நகம் மெலிந்து நொறுங்கும். முற்றிய நிலையில் கரண்டிபோலக் குழிந்து, ஒரு துளி நீரை விட்டால் வழியாமல் தாங்கி நிற்கும். அவர்களுக்குக் களைப்பு, படியேறும்போது மூச்சு வாங்குதல், மாதவிடாயில் மிகுதியான இரத்தப்போக்கு ஆகியவையும் இருக்கக்கூடும். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் நகம் வறண்டு மெதுவாக வளரும். இவற்றுக்கு எளிய இரத்தப் பரிசோதனைகள் உள்ளன. குறை உறுதியானால், அதற்குரிய மருந்தே நகத்துக்கும் மருந்து. பரிசோதிக்காமல் தாமாகவே இரும்பு மாத்திரையைத் தொடங்கினால், இரத்தம் எதனால் குறைந்தது என்ற முக்கியமான கேள்வி மறைந்துவிடும்.

பயன் தரும் பராமரிப்பு

முதல் வேலை, கோடு போட்டு எண்ணுவது. எந்த வேலை நகத்தை மிகுதியாக நனைக்கிறது என்று தெரிந்தால்தான் எதை மாற்றலாம் என்பது தெரியும். அம்மையார் பாத்திரங்களை அவ்வப்போது கழுவாமல் சேர்த்து வைத்து, கையுறை அணிந்து நான்கு தவணையில் கழுவத் தொடங்கினார். மேசை துடைக்கும் துணியை அலசுவதும் கையுறையோடுதான். அரிசி, மாவு, காய் ஆகிய வேலைகளில் பெரிதாக எதையும் மாற்ற முடியவில்லை. வெறும் கை நனைவது 41 முறையிலிருந்து 15 ஆகக் குறைந்தது.

கையுறையிலும் கவனம் வேண்டும். ரப்பர் கையுறைக்குள் கை வியர்த்தால், தண்ணீரிலிருந்து தப்பிய நகம் வியர்வையில் நனையும். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை அணிந்து, அதன்மேல் ஓர் அளவு பெரிய ரப்பர் கையுறையை அணியுங்கள். ஒரே முறையில் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பருத்தி ஈரமானால் மாற்றிவிடுங்கள். வேலை முடிந்ததும் உட்புறத்தை வெளியே திருப்பிக் காயவையுங்கள். ஓட்டை விழுந்த கையுறை சோப்புநீரை உள்ளேயே தேக்கி வைப்பதால், கையுறை அணியாததைவிடக் கெடுதல். ரப்பர் பட்ட இடம் அரித்தால் வினைல் அல்லது நைட்ரைல் கையுறைக்கு மாறுங்கள்.

இரண்டாவது, நனைந்த கையைத் துடைத்தவுடன் பூசுவது. உள்ளே சென்ற நீர் விரைந்து வெளியேறாமல் தடுப்பதே நோக்கம். பெட்ரோலியம் ஜெல்லி இதற்கு மிக ஏற்றது, விலையும் குறைவு. கடுகளவு எடுத்து நகத்தின் மேலும், சுற்றியுள்ள தோலிலும், நுனியின் அடிப்பக்கத்திலும் தேயுங்கள். தேங்காய் எண்ணெயும் உதவும். ஆனால், விரைவில் அகன்றுவிடுவதால் அடிக்கடி பூச வேண்டும். சமையலறையில் ஒரு டப்பா, குளியலறையில் ஒரு டப்பா என்று வைத்தால்தான் இது நடைமுறைக்கு வரும்.

இரவில் படுக்கும் முன், விரல்நுனிகளை வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் வைத்து, இலேசாக ஒற்றியெடுத்து, ஈரம் முற்றிலும் காய்வதற்குள் பெட்ரோலியம் ஜெல்லியைத் தடிப்பாகப் பூசுங்கள். தண்ணீர்தான் காரணம் என்று சொல்லிவிட்டு நனைக்கச் சொல்கிறீர்களே என்று அம்மையார் கேட்டார். நல்ல கேள்வி. கெடுப்பது நனைந்ததை அப்படியே காயவிடுவது. இங்கே உள்ளே சென்ற நீரை மூடி வைத்துவிடுகிறோம். அது இரவு முழுவதும் மெதுவாகவே வெளியேறும்.

மூன்றாவது, வெட்டுவது. நகத்தைக் குட்டையாக, விரல்நுனியைத் தாண்டாத அளவில் வையுங்கள். குளித்தபின் நகம் மென்மையாக இருக்கும்போது, நகவெட்டியால் சிறிது சிறிதாக வெட்டுங்கள். பிரிந்து நிற்கும் ஏட்டைப் பிடித்து இழுக்காதீர்கள். அது நல்ல பகுதியையும் சேர்த்துக் கிழிக்கும். நகம் உலர்ந்தபின், மெல்லிய அரத்தால் ஒரே திசையில் தேய்த்து ஓரத்தை வழவழப்பாக்குங்கள். நகத்தின் அடியில் ஊக்கையோ குச்சியையோ விட்டுக் குடையக்கூடாது. நகம் சதையிலிருந்து பிரிந்து கிருமிகளுக்கு இடம் தந்துவிடும். டப்பா மூடியைத் திறக்கவும் ஒட்டிய கறையைச் சுரண்டவும் கரண்டிக் காம்பைப் பயன்படுத்துங்கள், நகத்தை அல்ல.

நகப்பூச்சு விரும்புபவர்களுக்கு ஒரு சொல். பூச்சைவிட, அதை அகற்றும் அசிட்டோன் திரவமே நகத்தை மிகுதியாக வறட்டுகிறது. அடிக்கடி அகற்றிப் பூசாமல், உதிர்ந்த இடத்தில் மட்டும் மேலே பூசிக்கொள்ளலாம். நகத்தைக் கெட்டியாக்குவதாக விற்கப்படும் சில பூச்சுகளில் ஃபார்மால்டிஹைடு உண்டு. அது தொடக்கத்தில் நகத்தைக் கெட்டியாக்கும். தொடர்ந்து பூசினால் வளைந்து கொடுக்காமல் உடையச் செய்யும்.

நோயாளியைக் கவனித்துக்கொள்பவர்களும் நாள்தோறும் பல முறை கை கழுவ வேண்டியவர்கள். நகத்துக்காகக் கையின் தூய்மையைக் குறைத்துக்கொள்ளக்கூடாது. கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரியாதபோது, சோப்புநீருக்குப் பதிலாக ஆல்கஹால் கைத்தேய்ப்பானைப் பயன்படுத்தலாம். மலம் அள்ளிய பிறகும், நோயாளிக்கு வயிற்றுப்போக்கு இருக்கும்போதும், சாப்பிடும் முன்பும் சோப்பும் தண்ணீருமே வேண்டும். அதன்பின் மறவாமல் பூசிக்கொள்ளுங்கள்.

எத்தனை நாளில் பலன் தெரியும்?

மாதத்துக்கு 3 மில்லிமீட்டர் என்ற கணக்கை மீண்டும் நினைவுகொள்ளுங்கள். ஏற்கெனவே தளர்ந்த நகம் வெட்டுப்பட்டுப் போய், காக்கப்பட்ட நகம் நுனிக்கு வர ஆறு மாதம் வேண்டும். இரண்டே வாரத்தில் பலன் இல்லை என்று கைவிடுபவர்கள் மிகப் பலர். ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில், அதே விரலை, அதே வெளிச்சத்தில் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். நாள்தோறும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் படத்தில் தெரியும்.

அம்மையாருக்கு இரண்டாம் மாதமே ஓரளவு நிம்மதி கிடைத்தது. மூன்றாம் மாதம் தீபாவளி வந்தது. கடையில் கூட்டம், கையுறை மூலையில் கிடந்தது. பத்து நாட்கள் கழித்து வந்தபோது நுனிகள் மீண்டும் பிரிந்திருந்தன. மருந்து பலிக்கவில்லை என்று அவர் எண்ணினார். காரணத்தை இது மேலும் உறுதிப்படுத்துகிறது என்று நாங்கள் விளக்கினோம். ஏழாம் மாதம் பார்த்தபோது எட்டு விரல்களின் நகங்கள் முழுமையாக இருந்தன. வலது கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் சிறு பிரிவு எஞ்சியிருந்தது. அந்தத் தொழிலில் இருக்கும்வரை அது முற்றிலும் மறையாமல் போகலாம் என்பதை அவரிடம் மறைக்கவில்லை. வயது கூடும்போதும் நகம் பிரியும் இயல்பு கூடுகிறது. "சேலையில மாட்டாம இருந்தா எனக்குப் போதும், டாக்டர்" என்றார்.

எப்போது மருத்துவரைக் காண வேண்டும்?

தண்ணீரால் பிரியும் நகம் நுனியில் பிரியும், நிறம் மாறாது, வலிக்காது. இதற்கு மாறாக எதைக் கண்டாலும் வீட்டுப் பராமரிப்பை நம்பியிருக்க வேண்டாம்.

நகத்தைச் சுற்றியுள்ள தோல் வீங்கிச் சிவந்து வலித்தால் அது நகச்சுற்று. சர்க்கரை நோய் உள்ளவர்கள் அன்றே வர வேண்டும். நகம் தடித்து, மஞ்சளாகி, பொடிப்பொடியாக உதிர்ந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். நகத் துகளைச் சோதித்து உறுதிசெய்த பின்னரே மாத்திரை தொடங்க வேண்டும். ஊசியால் குத்தியதுபோன்ற சிறு குழிகள் நகத்தில் நிறைந்திருந்தால் சொரியாசிஸ் இருக்கிறதா என்று பார்ப்போம். ஒரே ஒரு நகம் மட்டும் காரணமின்றிப் பிளந்தாலோ, ஒரே நகத்தில் புதிதாகக் கருங்கோடு தோன்றி அகன்றுகொண்டே வந்தாலோ தாமதிக்கக்கூடாது. மிக அரிதாக அது புற்றுநோயின் அடையாளமாக இருக்கக்கூடும். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்களின் நகத்தில் மாற்றம் தெரிந்தால், சிகிச்சை தரும் மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள்.

எங்களிடம் வரும்போது நகப்பூச்சை அகற்றிவிட்டு, நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், ஒரு நாள் கோடு போட்ட தாளையும் கொண்டுவாருங்கள். காலையும் காட்டச் சொல்வோம்.